முக்கோணச் சமனிலி: படம் சொல்வதும் கணக்கு சொல்வதும்

கலப்பெண்கள் பாடத்தில் முக்கோணச் சமனிலி வரும் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஆசிரியர் பலகையில் ஒரு முக்கோணம் வரைவார். "இரண்டு பக்கத்தைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நிரூபணம் முடிந்தது, அடுத்த கணக்கு.

அந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து "ஏன் பெரிதாக இருக்கும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நேர்கோடுதானே மிகக் குறைந்த தூரம்!" சரி, நேர்கோடு ஏன் மிகக் குறைந்த தூரம்? இங்கே பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் "வளைந்து போவதைவிட நேராகப் போவது குறைவு" என்பதும் "இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிது" என்பதும் ஒரே செய்திதான். ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபித்தால் தெருவைச் சுற்றிப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்த கதைதான்.

இந்தக் கட்டுரையில் அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். முதலில் வடிவியல், அடுத்து இயற்கணிதம். இரண்டும் எங்கே ஒன்றாகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்கு ஒரு எண் கணக்கைக் கடைசிவரை கூடவே கொண்டுபோவோம்.

## முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு பெரிய மைதானத்தின் நடுவில் நிற்கிறீர்கள். கிழக்கே 3 அடி, அங்கிருந்து வடக்கே 4 அடி வைக்கிறீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தை 3 + 4i என்று எழுதலாம். மேற்கும் தெற்கும் கழித்தல் குறி பெறும். இப்படி a + bi என்ற வடிவில், i² = −1 என்ற விதியோடு எழுதப்படும் எண்தான் கலப்பெண். a என்பது அதன் மெய்ப்பகுதி. அதை Re(z) என்று குறிப்பார்கள். b என்பது கற்பனைப் பகுதி.

இப்படி எண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கும் முறையைப் பரப்பியவர்களில் ஒருவர் ழான் ராபர்ட் ஆர்கன். 1806-இல் அவர் வெளியிட்ட சிறு நூலை ஒட்டித்தான் அந்தத் தளத்தை இன்றும் ஆர்கன் தளம் என்கிறோம். (டென்மார்க் நில அளவையாளர் காஸ்பர் வெசல் இதையே அவருக்கு முன்பே, 1799-இல் அச்சில் சொல்லிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, பாவம்.)

புறப்பட்ட இடத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதுதான் மட்டு மதிப்பு. குறி |z|. பிதாகரஸ் தேற்றப்படி

|a + bi| = √(a² + b²)

ஆக |3 + 4i| = √(9 + 16) = 5.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் பிழை z + w ≤ |z| + |w| என்று இடப்பக்கத்தில் மட்டுக் கோடுகளை விட்டுவிடுவது. கலப்பெண்களுக்குள் பெரியது, சிறியது என்ற பேச்சே கிடையாது. i என்பது 0-ஐவிடப் பெரியது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மிகை எண்களின் பெருக்கல் மிகை என்ற விதிப்படி i × i = −1 என்பதும் மிகையாக வேண்டும். சிறியது என்று வைத்தால் −i மிகை; அப்போதும் (−i) × (−i) = −1 மிகையாக வேண்டும். இரண்டு பக்கமும் அடி. ஆகவே நாம் ஒப்பிடப்போவது கலப்பெண்களை அல்ல, அவற்றின் மட்டு மதிப்புகளை. அவை சாதாரண மெய்யெண்கள். ஒருபோதும் குறை எண்களாகாதவை.

நிரூபிக்க வேண்டியது இதுதான்:

|z + w| ≤ |z| + |w|

## கூட்டல் என்பது நடை

z = 3 + 4i, w = 5 + 12i என்று எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 8 + 16i. மைதானக் கணக்கில் இதன் பொருள் எளிது. முதலில் z சொல்கிறபடி நடக்கிறோம். நின்ற இடத்திலிருந்து, மறுபடி நடுவுக்கு வராமல், w சொல்கிறபடி நடக்கிறோம். கடைசியில் சேரும் இடம் z + w.

புறப்பட்ட இடத்துக்கு O என்று பெயர் வைப்போம். z-க்கு நடந்து சேர்ந்த இடம் A. அங்கிருந்து w நடந்து சேர்ந்த இடம் B. இப்போது முக்கோணம் OAB-யின் மூன்று பக்கங்களும் நமக்கு வேண்டிய மூன்று அளவுகள்தான். OA என்பது |z|. AB என்பது |w|. O-விலிருந்து B-க்கு நேராக இருக்கும் தூரம் |z + w|.

அவசரப்பட்டுப் படம் வரைகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். z, w இரண்டையும் O-விலிருந்தே புறப்படும் இரண்டு அம்புகளாக வரைந்து, முனைகளைச் சேர்த்து, "இதோ முக்கோணம்" என்பார்கள். முக்கோணம் சரிதான். ஆனால் அந்த மூன்றாவது பக்கம் |z + w| அல்ல, |z − w|. நம் எண்களில் பார்த்தால் முனைகளுக்கு இடையிலான தூரம் |−2 − 8i| = √68, ஏறத்தாழ 8.25. நமக்கு வேண்டிய |8 + 16i| = √320, ஏறத்தாழ 17.89. இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். O, A, B, w நான்கையும் சேர்த்து ஓர் இணைகரம் வரைந்தால் குழப்பம் தீரும். கூடுதல் ஒரு மூலைவிட்டம், வித்தியாசம் இன்னொரு மூலைவிட்டம்.

ஆக இதுவரை நாம் எதையும் நிரூபிக்கவில்லை. கலப்பெண் கேள்வியை ஒரு முக்கோணக் கேள்வியாக மாற்றி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். |z| = 5, |w| = 13, கூடுதல் 18; நேர்த் தூரம் 17.89. முக்கோணத்தில் இது எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்பதற்குக் காரணம் இனிமேல்தான் வரவேண்டும்.

## கழுதைக்கும் தெரிந்த விஷயம்

யூக்ளிட் தன் 'மூலங்கள்' நூலின் முதல் பகுதியில் 20-ஆவது தேற்றமாக இதை நிரூபிக்கிறார். பிற்காலத்தில், கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், புரோக்ளஸ் என்ற அறிஞர் அந்தப் பகுதிக்கு உரை எழுதியபோது ஒரு கேலியைப் பதிவு செய்திருக்கிறார். எபிகூரியர்கள் என்ற தத்துவப் பிரிவினர் இந்தத் தேற்றத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஒரு மூலையில் கழுதையையும் இன்னொரு மூலையில் வைக்கோலையும் வைத்தால், கழுதை ஒரு பக்கத்திலேயே நேராகப் போகுமே தவிர மற்ற இரண்டு பக்கங்களையும் சுற்றிப் போகாது. கழுதைக்கே தெரிந்ததற்கு நிரூபணம் எதற்கு என்பது அவர்கள் வாதம். புரோக்ளஸின் பதில் சுருக்கமானது: உண்மை என்று கண்ணுக்குத் தெரிவது வேறு, எதனால் உண்மை என்று அறிவது வேறு.

யூக்ளிட் செய்தது என்ன? இரண்டு பக்கங்களையும் ஒரே கோட்டில் நீட்டி வைத்துவிட்டு ஒப்பிட்டார். நம் எழுத்துகளிலேயே அதைச் செய்வோம்.

O-விலிருந்து A-க்குப் போகும் கோட்டை A-யைத் தாண்டி அதே திசையில் நீட்டுங்கள். அதில் AD-யின் நீளம் AB-யின் நீளத்துக்குச் சமமாக இருக்கும்படி D என்ற புள்ளியைக் குறியுங்கள். w திசை மாறாமல், z போன திசையிலேயே நடந்திருந்தால் சேர்ந்திருக்கும் இடம்தான் D. ஆகவே OD = |z| + |w|. இனி OD பெரிதா, OB பெரிதா என்று பார்த்தால் போதும்.

B-யையும் D-யையும் இணையுங்கள். AB, AD இரண்டும் சமம் என்பதால் ABD ஓர் இருசமபக்க முக்கோணம். சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். அதாவது B-யில் உள்ள கோணம் ABD, D-யில் உள்ள கோணம் ADB-க்குச் சமம்.

இப்போது பெரிய முக்கோணம் OBD-யைப் பாருங்கள். அதன் B மூலையில் உள்ள முழுக் கோணம் OBD. A என்ற புள்ளி O-வுக்கும் D-க்கும் நடுவில் இருப்பதால், BA என்ற கோடு அந்தக் கோணத்தை OBA, ABD என்று இரண்டாகப் பிரிக்கிறது. முழுமை தன் பகுதியைவிடப் பெரிது. ஆகவே கோணம் OBD, கோணம் ABD-யைவிடப் பெரிது. ABD-தான் D மூலையில் உள்ள கோணத்துக்குச் சமம் என்று ஏற்கெனவே பார்த்தோம். எனவே முக்கோணம் OBD-யில் B மூலைக் கோணம் D மூலைக் கோணத்தைவிடப் பெரிது.

ஒரு முக்கோணத்தில் பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்கும். B-க்கு எதிர்ப்பக்கம் OD, D-க்கு எதிர்ப்பக்கம் OB. ஆகவே OD > OB. அதாவது |z| + |w| > |z + w|. முடிந்தது.

"பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பதை மட்டும் எப்படி நம்புவது?" என்று அந்த மாணவி மறுபடி கேட்கலாம். கேட்க வேண்டும். அது யூக்ளிடின் 19-ஆவது தேற்றம், இதற்கு ஒரு படி முன்னால் இருப்பது. அதன் நிரூபணத்தில் 20-ஆவது எங்கும் தலைகாட்டவில்லை. முக்கோணத்தின் வெளிக்கோணம் எதிரே உள்ள உட்கோணங்களைவிடப் பெரிது என்பதன் மீது அது நிற்கிறது. ஆகவே சுற்றி வளைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வரும் குற்றம் இங்கே இல்லை.

எண்களிலும் D எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். z திசையிலேயே 18 அலகு தூரம் போக வேண்டும். z-இன் நீளம் 5 என்பதால் அதை 18/5 மடங்கு ஆக்கினால் D = 10.8 + 14.4i. B இருப்பது 8 + 16i. D-யின் தூரம் சரியாக 18, B-யின் தூரம் 17.89. இரண்டு புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். z-உம் w-உம் கிட்டத்தட்ட ஒரே திசையில் போகின்றன, அதனால்தான் இவ்வளவு சிறிய இழப்பு.

சுருக்கமாக, வடிவியல் நிரூபணத்தின் உயிர் ஒரே செயலில் இருக்கிறது: மடங்கிக் கிடந்த பாதையை நிமிர்த்தி, நிமிர்த்திய பாதையை ஒரு பெரிய முக்கோணத்தின் பக்கமாக்கியது. மீதி எல்லாம் கோணக் கணக்கு.

## படத்தில் முக்கோணமே இல்லாவிட்டால்?

மேலே கிடைத்தது '>' என்ற குறி. நாம் நிரூபிக்கப் புறப்பட்டதில் இருப்பது '≤'. அந்தச் சமக்குறி எங்கிருந்து வந்தது?

O, A, B மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தால் முக்கோணம் உருவாகாது. யூக்ளிடின் தேற்றம் அங்கே வாய் திறக்காது. அந்த நிலைகளை நாமே தனியாகப் பார்க்க வேண்டும். z அல்லது w பூச்சியம் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றே, சமம். இரண்டும் ஒரே திசையில் என்றால், உதாரணமாக 3 + 4i, 6 + 8i, கூடுதல் 9 + 12i; அதன் மட்டு 15, அதாவது 5 + 10. மறுபடியும் சமம். எதிரெதிர் திசையில் என்றால் நீளங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். 3 + 4i-உம் −3 − 4i-உம் கூடினால் 0, ஆனால் வலப்பக்கம் 10.

இவற்றையும் சேர்த்தால்தான் வடிவியல் நிரூபணம் முழுமை அடைகிறது. பலர் படத்தை மட்டும் வரைந்து, '>' கிடைத்த இடத்தில் '≤' எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய பாவம் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருப்பது வடிவியலின் குணம். இயற்கணிதம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அதற்கு முக்கோணம் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லை.

## கணக்கு வழி

ஒரே ஒரு புதிய சொல் வேண்டும். a + bi என்ற எண்ணின் கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றினால் கிடைக்கும் a − bi அதன் இணை எண். z-இன் இணை எண்ணை z̄ என்று எழுதுவோம். மைதானத்தில் கிழக்கு மேற்காக ஒரு கண்ணாடியை நிறுத்தினால் அதில் தெரியும் பிம்பம் என்று வைத்துக்கொள்ளலாம். பிம்பத்தின் தூரம் மாறாது. ஆகவே z-க்கும் z̄-க்கும் மட்டு ஒன்றே. கூட்டிவிட்டுப் பிம்பம் எடுத்தாலும் பிம்பம் எடுத்துவிட்டுக் கூட்டினாலும் விடை மாறாது, பெருக்கலிலும் அப்படியே.

இணை எண்ணால் நமக்கு என்ன லாபம்? வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. (a + bi)(a − bi) என்பதைப் பெருக்கிப் பாருங்கள். a² + b² வரும். அதாவது

z · z̄ = |z|²

இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. |zw|² என்பது zw-வையும் அதன் இணையான z̄w̄-வையும் பெருக்கியது. இடம் மாற்றி எழுதினால் z z̄ · w w̄, அதாவது |z|²|w|². ஆகவே |zw| = |z||w|.

கடைசியாக ஒன்று. எந்தக் கலப்பெண்ணுக்கும் Re(u) ≤ |u|. u = a + bi என்றால், a என்பது √(a²)-ஐ மிஞ்சாது; √(a²) என்பது √(a² + b²)-ஐ மிஞ்சாது. கிழக்கே எவ்வளவு நகர்ந்தோம் என்பது மொத்தத்தில் எவ்வளவு நகர்ந்தோம் என்பதைத் தாண்ட முடியாது என்பதுதான் இதன் பொருள். முழு நிரூபணத்திலும் '≤' என்ற குறி பிறக்கும் இடம் இது ஒன்றுதான். மற்ற வரிகள் எல்லாம் சமன்பாடுகள்.

இனி நிரூபணம். |z + w|-ஐ வர்க்கப்படுத்துவோம்.

|z + w|² = (z + w)(z̄ + w̄)

= z z̄ + z w̄ + w z̄ + w w̄

முதல் உறுப்பு |z|², கடைசி உறுப்பு |w|². நடுவில் இருக்கும் இரண்டையும் பாருங்கள். w z̄ என்பது z w̄-இன் இணை எண். ஓர் எண்ணையும் அதன் இணையையும் கூட்டினால் கற்பனைப் பகுதிகள் அடிபட்டு, மெய்ப்பகுதியின் இரு மடங்கு மிஞ்சும். ஆகவே

|z + w|² = |z|² + 2 Re(z w̄) + |w|²

இப்போது Re(z w̄) ≤ |z w̄| = |z||w̄| = |z||w|. இதை இட்டால்

|z + w|² ≤ |z|² + 2|z||w| + |w|² = (|z| + |w|)²

இரண்டு பக்கமும் வர்க்கமூலம் எடுத்தால் |z + w| ≤ |z| + |w|.

கடைசி அடியில் கொஞ்சம் நிற்க வேண்டும். வர்க்கங்களின் ஒப்பீட்டிலிருந்து எண்களின் ஒப்பீட்டுக்கு எப்போதும் இறங்கிவிட முடியாது. 3² என்பது (−5)²-ஐவிடச் சிறியது. அதற்காக 3 என்பது −5-ஐவிடச் சிறியதாகிவிடாது. இங்கே மூலம் எடுக்கலாம் என்பதற்குக் காரணம் |z + w|, |z| + |w| இரண்டும் குறை எண்கள் அல்ல என்பதே. இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விடுவதுதான் இந்த நிரூபணத்தில் நான் அதிகம் பார்த்த ஓட்டை. அதற்கு அடுத்தது, நிரூபிக்க வேண்டிய சமனிலியையே முதல் வரியாக எழுதி, வர்க்கப்படுத்தி, "எனவே சரி" என்று முடிப்பது. முடிவிலிருந்து தொடங்கி உண்மையான ஒன்றுக்கு வந்து சேர்வதால் முடிவு நிரூபணமாகாது. ஒவ்வொரு வரியும் திரும்பி நடக்கக்கூடியது என்றும் காட்ட வேண்டும்.

ஆக, வர்க்கப்படுத்திப் பிரித்தோம், நடு உறுப்பு ஒரு மெய்ப்பகுதி என்று கண்டோம், அதை மட்டு மதிப்பால் கட்டினோம். முக்கோணம் மடங்கிக் கோடானாலும், z பூச்சியமானாலும், ஒரு வரிகூட மாறாது.

## அந்த 4 எங்கே போனது?

நம் எண்களை உள்ளே விடுவோம். z = 3 + 4i, w = 5 + 12i.

z w̄ = (3 + 4i)(5 − 12i) = 15 − 36i + 20i + 48 = 63 − 16i

இதன் மெய்ப்பகுதி 63. மட்டு 65, அதாவது 5 × 13. நிரூபணத்தில் நாம் செய்தது 63 இருந்த இடத்தில் 65-ஐ வைத்தது மட்டும்தான். 25 + 126 + 169 = 320; 63-க்குப் பதில் 65 வைத்தால் 25 + 130 + 169 = 324, அதாவது 18². வித்தியாசம் 4. அது 65 − 63-இன் இரு மடங்கு. பொதுவாக எழுதினால்

(|z| + |w|)² − |z + w|² = 2(|z||w| − Re(z w̄))

வடிவியலும் இயற்கணிதமும் கைகுலுக்கும் இடம் இதுதான். z-இன் திசைக்கும் w-இன் திசைக்கும் இடையிலான கோணம் θ என்றால், Re(z w̄) என்பது |z||w| cos θ-தான். ஆகவே இழப்பு முழுவதும் 1 − cos θ என்ற அளவில் அடங்கிவிடுகிறது. நம் கணக்கில் cos θ = 63/65; கோணம் ஏறத்தாழ 14 பாகைதான். படத்தில் B-யும் D-யும் பக்கத்தில் விழுந்ததற்கும் இங்கே 63-உம் 65-உம் பக்கத்தில் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. θ = 0 என்றால் இழப்பு இல்லை, சமக்குறி. பூச்சியமல்லாத எண்களுக்குச் சமக்குறி வருவது அப்போது மட்டும்தான்: ஒன்று மற்றொன்றின் மிகை மடங்காக, ஒரே திசையில் இருக்கும்போது.

இந்த இழப்பை மின்வேலை செய்கிறவர்கள் மீட்டரிலேயே பார்த்திருப்பார்கள். பழைய டியூப் லைட்டில் சோக் மீது ஒரு தடவை, டியூப் மீது ஒரு தடவை வோல்ட் அளந்து கூட்டினால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டைத் தாண்டிவிடும். மீட்டர் பழுது என்று தோன்றும். பழுது இல்லை. மாறுமின்னோட்டத்தில் வோல்ட்டேஜ்கள் கூடுவது கலப்பெண்களைப் போல, திசையோடு சேர்த்து. எளிய நிலையில், ஒரு மின்தடை மீது 90 வோல்ட், அதோடு தொடராக இணைத்த நல்ல சுருள் மீது 120 வோல்ட் என்றால், இரண்டின் திசைக்கும் இடையே செங்கோணம்; மொத்தம் 210 அல்ல, |90 + 120i| = 150 வோல்ட். மீட்டர் காட்டுவது மட்டு மதிப்புகளை மட்டுமே.

## கீழேயும் ஒரு வேலி

கழித்தல் வரும்போது பலர் |z − w| ≤ |z| − |w| என்று எழுதிவிடுகிறார்கள். z = 1, w = −1 என்று இட்டுப் பாருங்கள்: 2 ≤ 0 என்று வரும். சரியானது |z − w| ≤ |z| + |w|. ஏனென்றால் −w-வின் மட்டும் |w|-தான்.

கழித்தல் உண்மையில் வேலை செய்வது கீழ்ப்பக்கத்தில். z-ஐ (z + w) + (−w) என்று பிரித்து, நிரூபித்த சமனிலியையே போட்டால் |z| ≤ |z + w| + |w|. அதாவது |z| − |w| ≤ |z + w|. z-ஐயும் w-வையும் இடம் மாற்றினால் |w| − |z| ≤ |z + w| என்றும் கிடைக்கும். எது மிகையோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வுகளுக்குப் பழக்கமான ஒரு கணக்கில் இரண்டு வேலிகளையும் பயன்படுத்துவோம். |z| = 2 என்றால் |z + 3 + 4i| எந்த எல்லைகளுக்குள் இருக்கும்? 3 + 4i-இன் மட்டு 5. மேல் எல்லை 2 + 5 = 7, கீழ் எல்லை 5 − 2 = 3. இந்த எல்லைகளை உண்மையிலேயே தொட முடியுமா என்பது தனிக் கேள்வி. 3 + 4i திசையிலேயே 2 அலகு நீளம் எடுத்தால் z = 1.2 + 1.6i, கூடுதல் 4.2 + 5.6i, மட்டு சரியாக 7. எதிர்த் திசையில் எடுத்தால் கூடுதல் 1.8 + 2.4i, மட்டு 3. இரண்டும் தொடப்படுகின்றன. மைதானத்தில் பார்த்தால், O-விலிருந்து 5 தூரத்தில் நடப்பட்ட கம்பத்தைச் சுற்றி 2 ஆரமுள்ள வட்டம். O-வுக்கு மிக அருகிலும் மிகத் தொலைவிலும் உள்ள புள்ளிகளைத் தேடுகிறோம்.

மூன்று உறுப்புகள் வந்தால் சமனிலியை இரண்டு முறை போடலாம். |z| = 1 என்றால் |z² + z − 1| ≤ 1 + 1 + 1 = 3. தவறில்லை. ஆனால் "ஆகவே இதன் பெரும மதிப்பு 3" என்று எழுதினால் தவறு. 3-ஐத் தொட வேண்டுமானால் z², z, −1 மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும். z²-உம் z-உம் ஒரே திசை என்றால் z = 1 ஆக வேண்டும்; அப்போது −1 நேர் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். மூவரும் ஒரே வழியில் போகவே மாட்டார்கள். உண்மையான பெரும மதிப்பைக் காண, |z| = 1 என்பதால் உள்ளே உள்ளதை z-ஆல் வகுத்துப் பாருங்கள்; மட்டு மாறாது. 1/z என்பது z̄ ஆகிவிடும். மிஞ்சுவது 1 + z − z̄. z-இலிருந்து அதன் பிம்பத்தைக் கழித்தால் கற்பனைப் பகுதி மட்டும் இரண்டு மடங்காக நிற்கும். அந்தக் கற்பனைப் பகுதி b என்றால் நமக்கு வேண்டியது |1 + 2bi| = √(1 + 4b²). b அதிகபட்சம் 1. ஆகவே பெரும மதிப்பு √5, ஏறத்தாழ 2.24; z = i என்று இட்டால் −2 + i வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.